‘தவறானது எது?’ என்று கேட்டால் சரியானதைக் குறித்துவிடுவது ஏன்?

கேள்வி: “படித்த பாடம்தான், விடையும் தெரியும். ஆனாலும் ‘தவறானது எது’, ‘பொருந்தாதது எது’ என்று வந்தால் சரியானதைக் குறித்துவிட்டு வந்துவிடுகிறேன். ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் ஐந்தாறு கேள்வி இப்படிப் போகிறது. கேள்வியை இரண்டு முறை படி என்கிறார்கள். படித்தும் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. வேறு வழி உண்டா?”

உண்டு. ஆனால் வழியைச் சொல்வதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ‘கவனக்குறைவு’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் எதைத் திருத்துவது என்று தெரியாது. பல ஆண்டுகள் மாணவர்களுக்குத் தேர்வுப் பயிற்சி கொடுத்திருக்கிறேன், வினாத்தாள் தயாரிக்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்மறைக் கேள்வியில் விழும் தவறு மூன்று இடங்களில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘அல்லாதது’ என்ற சொல் கண்ணிலேயே படாமல் போவது முதல் இடம். கண்ணில் பட்டு, மனத்திலும் பதிந்து, மூன்றாவது விடையை ஆராய்வதற்குள் நழுவிப்போவது இரண்டாவது. கடைசிவரை நினைவில் இருந்தும், கூற்றுக்குள்ளேயே இன்னொரு ‘இல்லை’ இருப்பதால் கணக்குத் தலைகீழாவது மூன்றாவது. இரண்டு முறை படிப்பது முதல் இடத்தை மட்டும்தான் ஓரளவு அடைக்கும். நீங்கள் படித்தும் பலன் இல்லை என்பதால், உங்கள் தவறுகளில் பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் இடங்களில் நடக்கிறது என்று நினைக்கிறேன். இது ஊகம்தான். உறுதி செய்ய, பழைய மாதிரித் தேர்வில் இப்படிப் போன கேள்விகளை எடுங்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படித்து, ‘தேர்வில் நான் இந்தச் சொல்லைப் பார்த்தேனா’ என்று உங்களையே கேளுங்கள். “அட, இப்படியா கேட்டிருந்தார்கள்!” என்று தோன்றினால் முதல் வகை. “பார்த்தேனே, அப்புறம் எப்படி…” என்று தோன்றினால் இரண்டாவது. இப்போது நிதானமாகப் பார்க்கும்போதும் ஒரு நொடி தலை சுற்றினால் மூன்றாவது.

எதிர்மறை வாக்கியத்தைப் புரிந்துகொள்ள மனத்துக்குக் கூடுதல் வேலை ஆகிறது என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். பீட்டர் வேசன் 1959-இலேயே இதைச் சோதித்துக் காட்டினார். 1972-இல் ஹெர்பர்ட் கிளார்க்கும் வில்லியம் சேஸும் ஒரு படத்தைக் காட்டி, ‘நட்சத்திரம் கூட்டல் குறிக்கு மேலே இருக்கிறது’, ‘மேலே இல்லை’ என்பதுபோல எளிய வாக்கியங்களைக் கொடுத்து, அது சரியா தவறா என்று சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். உடன்பாட்டு வாக்கியங்களுக்கு விடை விரைவாக வந்தது, எதிர்மறைக்குத் தாமதமானது. அவற்றிலும் மிக அதிக நேரம் எடுத்தது எது தெரியுமா? ‘சரியான எதிர்மறை வாக்கியம்’. அதாவது ‘இல்லை’ என்று சொல்லும் வாக்கியம் உண்மையாகவும் இருந்தால், அதைச் ‘சரி’ என்று ஒப்புக்கொள்ளத்தான் மனம் மிகவும் தயங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஓர் எடுத்துக்காட்டில் இது அப்படியே வரும். இந்தச் சோதனைகள் ஒற்றை வாக்கியத்தை வைத்து நடந்தவை. நான்கு விடைகள் கொண்ட தேர்வுக் கேள்விக்கு இதை நீட்டிச் சொல்வது என் அனுபவத்தின் பேரில்தான்.

இரண்டு முறை படித்தும் ஏன் விழுகிறது என்பதற்கு இன்னொரு சோதனை கைகொடுக்கும். 1981-இல் எரிக்சன், மேட்சன் என்ற இருவர், ‘மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?’ என்று கேட்டார்கள். பேழையைக் கட்டியவர் நோவா என்று நன்றாகத் தெரிந்தவர்களிலேயே பலர், தயங்காமல் ‘இரண்டு’ என்றார்கள். அவர்கள் கேள்வியைப் படிக்காமல் விடவில்லை. கேள்வி எதைப் பற்றியது என்று மனம் பிடித்துக்கொண்டதும், மீதியைத் தானே நிரப்பிக்கொண்டுவிட்டது. எதிர்மறைக் கேள்வியிலும் இதுதான் நடக்கிறது. ‘ஒலி பரவுதல் பற்றிய கேள்வி’ என்று மனம் எடுத்துக்கொண்டுவிட்டால், அதன்பிறகு இரண்டாம் முறை படித்தாலும் மனம் படிப்பது தான் ஏற்கெனவே எழுதிவைத்த கேள்வியைத்தான்.

முதல் இடத்தை, அதாவது சொல் கண்ணில் படாமல் போவதைப் பார்ப்போம். தமிழில் இதற்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் மொழியில் மறுப்பு பெரும்பாலும் தனிச்சொல்லாக நிற்பதில்லை, வினைக்குள் ஒளிந்துகொள்கிறது. ‘பொருந்தும்’, ‘பொருந்தாத’ என்ற இரண்டிலும் கண் முதலில் பிடிப்பது ‘பொருந்’ என்ற பகுதியை. மறுப்பு இருப்பது அதற்குப் பின்னால் வரும் ஒரு நெடிலில், ‘தா’ என்ற எழுத்தில். இலக்கணம் படித்தவர்களுக்கு அது எதிர்மறை இடைநிலை என்று தெரியும். ‘நீரில் கரையா உப்பு எது?’ என்று ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக வந்துவிட்டால் இன்னும் மோசம். ‘கரையும்’ என்பதற்கும் ‘கரையா’ என்பதற்கும் இடையில் நிற்பது கடைசி ஓரெழுத்துதான். ‘தவறானதல்ல’ என்று புணர்ந்து வரும்போது ‘தவறானது’ என்பது முழுதாகக் கண்ணில் விழுந்துவிடும், ‘அல்ல’ வாலாகிவிடும். ஆகவே ‘நாட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுவதுபோலத் தனிச்சொல்லைத் தேடினால் தமிழ்க் கேள்வியில் பாதி தப்பிவிடும். தேட வேண்டியது கேள்வியின் கடைசி இரண்டு மூன்று சொற்களின் ஈற்றை: ஆத, ஆ, அல்ல, அன்று, இல், அற்ற, தவிர. ‘தவறான’, ‘முரணான’, ‘விதிவிலக்கு’ போன்றவை இலக்கணப்படி எதிர்மறை இல்லை என்றாலும், கேள்வியைத் திருப்பிப்போடும் வேலையை அவையும் செய்யும்.

இதற்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு கைவேலை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். கூற்றுகள் கொண்ட கேள்வியில் ‘மேற்கண்டவற்றுள் எவை சரியல்ல?’ என்ற கட்டளை எல்லாக் கூற்றுகளுக்கும் அடியில் இருக்கும். எனவே அந்தக் கடைசி வரியை முதலில் படியுங்கள். படித்ததும் பென்சிலால் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தை எழுதுங்கள். சரியானது வேண்டுமென்றால் ‘ச’, தவறானது வேண்டுமென்றால் ‘த’. அடிக்கோடிடுவதைவிட இது ஏன் நல்லது என்றால், பழக்கமாகிவிட்ட கை படிக்காமலே கோடு போட்டுவிடும். எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் மனம் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அச்சுத்தாளில் எழுத இடமில்லை என்றாலோ, கணினித் தேர்வு என்றாலோ கொடுத்திருக்கும் வெற்றுத்தாளில் எழுதலாம்.

இனி இரண்டாம் இடம். உங்களுக்கு முக்கியமாக வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வியை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம்.

பின்வரும் கூற்றுகளுள் தவறானது எது?
(அ) ஒலி வெற்றிடத்தில் பரவாது
(ஆ) ஒளி பரவுவதற்கு ஊடகம் தேவையில்லை
(இ) ஒலி திண்மப் பொருள்களில் பரவாது
(ஈ) ஒலி காற்றைவிட நீரில் வேகமாகப் பரவும்

வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? ‘தவறானது எது’ என்பதை மனத்தில் சுமந்துகொண்டே (அ)-வைப் படிக்கிறோம். ‘பரவாது’. ஆமாம், பரவாதுதான். அப்படியென்றால் இது சரி. சரி என்றால் விடை இல்லை. அடுத்து (ஆ). ‘தேவையில்லை’. ஆமாம், தேவையில்லை. ஆகவே சரி, ஆகவே இது இல்லை. இப்படி ஒவ்வொரு விடையிலும் மூன்று முறை திருப்பிப்போட வேண்டியிருக்கிறது: கூற்றில் உள்ள மறுப்பு, அது உண்மையா என்ற தீர்ப்பு, அந்தத் தீர்ப்பைக் கேள்வியோடு எதிர்த்துவைத்துப் பார்ப்பது. இந்தச் சுமையில் எங்கோ ஓரிடத்தில் ‘சரியாக இருக்கிறது’ என்ற திருப்தி வந்ததும் கை அதைக் குறித்துவிடுகிறது. என்னிடம் படித்தவர்களில் இந்தக் கேள்வியில் (அ)-வைக் குறித்தவர்கள்தான் அதிகம். யாருக்கும் இயற்பியல் தெரியாமல் இல்லை. முதலில் கண்ட உண்மையை விடை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாற்று வழி, கேள்வியின் மறுப்பை விடைகளுக்குள் கொண்டுபோகாமல் இருப்பது. கேள்வி ‘த’ கேட்கிறது என்று ஓரத்தில் எழுதியாயிற்று. இனி அதை மறந்துவிடலாம். நான்கு கூற்றுகளையும், கேள்வியே இல்லாததுபோல, ஒவ்வொன்றாக உண்மையா பொய்யா என்று மட்டும் பாருங்கள். பார்த்த உடனே பக்கத்தில் குறியுங்கள். (அ) உண்மை, ‘ச’. (ஆ) உண்மை, ‘ச’. (இ) திண்மத்தில் ஒலி நன்றாகவே பரவும், ஆகவே கூற்று பொய், ‘த’. (ஈ) உண்மை, ‘ச’. நான்கையும் குறித்த பிறகுதான் ஓரத்தில் எழுதிய எழுத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே ‘த’ இருக்கிறது, விடைகளில் ஒரே ஒரு ‘த’ இருக்கிறது. (இ) என்று குறித்துவிடலாம். கேள்வியின் மறுப்பை இப்படி ஒரே ஒரு முறை, கடைசியில் மட்டும் கையாள்கிறோம்.

இந்த முறையில் இன்னொரு நன்மை தானாகவே கிடைக்கிறது, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். குறித்த எழுத்துகளின் அமைப்பே கேள்வி எந்த வகை என்று சொல்லிவிடும். மூன்று ‘ச’ ஒரு ‘த’ வந்தால், ஒற்றை விடை கொண்ட கேள்வியில் அவர்கள் கேட்டிருப்பது தவறானதைத்தான். மூன்று ‘த’ ஒரு ‘ச’ வந்தால் சரியானதைக் கேட்கிறார்கள். ஓரத்தில் நீங்கள் ‘ச’ என்று எழுதியிருந்து, விடைகளில் மூன்று ‘ச’ வந்தால் நிறுத்துங்கள். கேள்வியைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்பதற்கு அது நேரடியான எச்சரிக்கை. இரண்டு ‘ச’, இரண்டு ‘த’ வந்தால் படித்ததில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. ஏதோ ஒரு கூற்றின் உண்மை உங்களுக்குத் தெரியவில்லை, அல்லது கூற்றையே தவறாகப் படித்திருக்கிறீர்கள். எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று தெரிந்தால் மறுபடி படிப்பதற்கு ஒரு பொருள் இருக்கும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. நான்கையும் குறிக்க நேரம் ஆகும், ‘இதுதான்’ என்று இரண்டாவது விடையிலேயே தெரிந்த பிறகும் மீதியைப் பார்க்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் செய்தால் நேரம் போதாது. ஓரத்தில் ‘த’ எழுதிய கேள்விகளுக்கு மட்டும் செய்தால் போதும். ஒரு வினாத்தாளில் அவை சிறு பங்காகத்தான் இருக்கும்.

கூற்றுகளைக் கூட்டாகக் கேட்கும் கேள்விகளில் மேலே சொன்ன அமைப்புச் சோதனை வேலை செய்யாது, அங்கே பொறி வேறு மாதிரி. பாருங்கள்.

1. அறை வெப்பநிலையில் எல்லா உலோகங்களும் திண்ம நிலையில் இருக்கும்.
2. வைரம் மின்சாரத்தைக் கடத்தாது.
3. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும்.
மேற்கண்டவற்றுள் தவறான கூற்று எது / கூற்றுகள் எவை?
(அ) 2, 3 மட்டும் (ஆ) 1 மட்டும் (இ) 1, 3 மட்டும் (ஈ) 2 மட்டும்

பாதரசம் அறை வெப்பநிலையில் திரவம், ஆகவே 1 பொய். மற்ற இரண்டும் உண்மை. விடை (ஆ). ஆனால் விடை வரிசையை உற்றுப் பாருங்கள். (அ)-வும் (ஆ)-வும் ஒன்றையொன்று நிரப்புபவை. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை, இரண்டையும் சேர்த்தால் மூன்று கூற்றும் வந்துவிடும். (இ)-யும் (ஈ)-யும் அப்படியே. வினாத்தாள் தயாரிப்பவர் வேண்டுமென்றே இப்படி வைக்கிறார். ‘தவறான’ என்ற சொல்லை விட்டவருக்கும் அவர் தேடுவது அச்சாக ஒரு விடையாகக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அவர் விழித்துக்கொள்வாரே! 2, 3 சரி என்று கண்டுபிடித்து நிமிர்ந்தவுடன் முதல் விடையாகவே ‘2, 3 மட்டும்’ நிற்கிறது. இத்தனை துல்லியமாகப் பொருந்தினால் யாருக்குமே சந்தேகம் வராது. இதை நீங்கள் உங்களுக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். நிரப்பு இணை விடைகளில் தெரிந்தால், இந்தக் கேள்வியின் முடிவு ‘சரியான’, ‘தவறான’ என்ற ஒரே சொல்லில் தொங்குகிறது என்று பொருள். அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்னும் பாதுகாப்பானது, விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே ஓரத்தில் ‘தவறு: 1’ என்று எழுதிக்கொண்டு, பிறகு அதைத் தேடுவது.

மூன்றாம் இடம் இரட்டை எதிர்மறை. ஒலி பற்றிய கேள்வியிலேயே இது இருந்தது. ‘ஒலி வெற்றிடத்தில் பரவாது’ என்பது நான் முன்னே சொன்ன அந்தச் ‘சரியான எதிர்மறை வாக்கியம்’. மனம் அதை ஒப்புக்கொள்ளத் தயங்கும் நேரத்தில்தான் குழப்பம் நுழைகிறது. கூற்றிலிருந்து மறுப்பைக் கழற்றிவிட்டு, உடன்பாட்டாகக் கேட்டுப் பாருங்கள்: ஒலி வெற்றிடத்தில் பரவுமா? பரவாது. அப்படியென்றால் ‘பரவாது’ என்ற கூற்று ‘ச’. உடன்பாட்டுக் கேள்விக்கு ‘இல்லை’ வந்தால் எதிர்மறைக் கூற்று சரி, ‘ஆம்’ வந்தால் எதிர்மறைக் கூற்று தவறு. பத்துப் பதினைந்து கூற்றுகளில் செய்துபார்த்தால் கை தானாக வரும்.

ஆனால் எதிர்மறையைக் கழற்றும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இதில் விழுகிறார்கள். ‘பகா எண்’ என்ற சொல்லையே பாருங்கள். அதற்குள் ஏற்கெனவே ஒரு மறுப்பு இருக்கிறது, பகுபடாத எண் என்று பொருள். இனி இந்தக் கேள்வி: ‘பின்வருவனவற்றுள் பகா எண் அல்லாதது எது? (அ) 2 (ஆ) 1 (இ) 31 (ஈ) 43’. மாணவர் என்ன செய்கிறார்? ‘பகா எண் அல்லாதது’ என்ற இரட்டை மறுப்பை அடித்துவிட்டு, ‘பகு எண் எது’ என்று கேள்வியை எளிதாக்கிக்கொள்கிறார். பிறகு பகு எண்ணைத் தேடுகிறார். 31-ஐயும் 43-ஐயும் வகுத்துப் பார்க்கிறார், வகுபடவில்லை. ஒன்று எதிலும் சேராத எண், அதை விட்டுவிடுகிறார். மிஞ்சியது 2, அது இரட்டைப்படை எண்ணாயிற்றே என்று அதைக் குறித்துவிடுகிறார். விடை 1. ஏனென்றால் 1 பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல. ‘பகா எண் அல்லாதது’ என்ற கூட்டத்தில் பகு எண்களோடு 1-உம் இருக்கிறது. ‘இன்னது அல்லாதது’ என்பதை ‘இன்னதற்கு எதிரானது’ என்று மாற்றிப் படிக்கும்போது இடையில் நிற்பது விழுந்துவிடுகிறது. மிகை எண் அல்லாதது என்றால் குறை எண் மட்டும் இல்லை, பூச்சியமும் சேரும். அமிலம் அல்லாதது என்றால் காரம் மட்டும் இல்லை, நடுநிலைப் பொருளும் சேரும். கேள்வியில் ‘அல்லாத’ வரும்போது, நடுவில் நிற்கும் மூன்றாவது வகை ஏதாவது உண்டா என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் போதும். விடை பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நெருங்கிய உறவு ‘மிகாத’, ‘குறையாத’ என்ற இரண்டும். இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 9-க்குக் குறையாமல் வருவதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்கிறார்கள். ‘குறையாமல்’ என்றால் 9-உம் சேர்ந்து, 9, 10, 11, 12. அவை வரும் வழிகள் முறையே 4, 3, 2, 1. மொத்தம் 10. ஆகவே 10/36, அதாவது 5/18. ‘குறையாமல்’ என்பதை ‘அதிகமாக’ என்று மாற்றிக்கொண்டவருக்கு 9 விழுந்துவிடும், 6/36 வரும், அதாவது 1/6. மறுப்பையே பார்க்காமல் ‘குறைவாக’ என்று படித்தவருக்கு 26/36, அதாவது 13/18. விடை வரிசையில் இந்த மூன்றும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ‘குறையாத’ என்பதற்கு மேல் ‘அல்லது சமம்’ என்ற குறியை, அதாவது ≥ 9 என்று உடனே எழுதிவிடுவது நல்லது. ‘மிகாத’ என்றால் ≤ 9. சொல்லாக மனத்தில் வைத்திருந்தால் எல்லை எண் நழுவும், குறியாக எழுதிவிட்டால் நழுவாது.

இவ்வளவும் உங்கள் பக்கம். எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறும் மாணவருடையது இல்லை. ‘மூன்று நாணயங்களைச் சுண்டும்போது மூன்றும் தலையாக விழாமல் இருப்பதற்கான நிகழ்தகவு’ என்று ஒருமுறை நானே எழுதிக்கொடுத்திருக்கிறேன். மூன்றும் தலை என்ற ஒரு நிலை மட்டும் கூடாது என்று நினைத்து எழுதினேன், விடை 7/8. ஒரு மாணவி 1/8 என்று போட்டாள். ஒரு நாணயத்தில்கூடத் தலை விழக்கூடாது என்று படித்திருந்தாள். அவளிடம் பிழை இல்லை. தமிழில் ‘எல்லாம்’ என்பதோடு மறுப்பு சேரும்போது இரண்டு பொருளும் வரும். ‘எல்லோரும் வரவில்லை’ என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் மட்டும் வந்தார்களா? சொல்பவரின் குரலில்தான் அது தெரியும், அச்சில் குரல் கிடையாது. அன்றிலிருந்து ‘குறைந்தது ஒரு பூவாவது’ என்றோ, ‘ஒரு தலைகூட இல்லாமல்’ என்றோ பிரித்துத்தான் எழுதுகிறேன். தேர்வில் இப்படி இருபொருள் பட ஒரு கேள்வி வந்தால், இரண்டு பொருளுக்கும் விடை கண்டு, வரிசையில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் தீர்ந்தது. இரண்டும் இருந்தால் அது சரியாக அமையாத கேள்வி, அதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள், தேர்வு முடிந்த பின் விடைக்குறிப்பை எதிர்த்து முறையிட வழி இருந்தால் முறையிடுங்கள்.

வினா அமைப்பு பற்றி எழுதியவர்களும் எதிர்மறைக் கேள்வியை விரும்புவதில்லை. தாமஸ் ஹலடினாவும் ஸ்டீவன் டௌனிங்கும் 1989-இல் தொகுத்த வினா அமைப்பு நெறிகளிலும், அவர்கள் மைக்கேல் ரோட்ரிகஸுடன் சேர்ந்து 2002-இல் திருத்தி எழுதியதிலும், கேள்வியை உடன்பாடாக எழுதுங்கள் என்ற அறிவுரை இருக்கிறது. எதிர்மறை தவிர்க்க முடியாதென்றால் அந்தச் சொல்லை எடுப்பாகக் காட்டுங்கள் என்றும் 2002-இல் எழுதியது சொல்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் காட்டிவிடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லை, தடித்த எழுத்தோ அடிக்கோடோதான் வழி. அதைப் பல வினாத்தாள்களில் காண முடிவதில்லை. ஆகவே அந்த வேலையை உங்கள் பென்சில்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

பயிற்சியை எப்படித் தொடங்குவது? முழு மாதிரித் தேர்வில் இதைப் பழகாதீர்கள், நேரம் துரத்தும்போது புதுப் பழக்கம் ஒட்டாது. பழைய வினாத்தாள்களிலிருந்து எதிர்மறைக் கேள்விகளை மட்டும் முப்பது பொறுக்குங்கள். அவற்றோடு சாதாரணக் கேள்விகள் முப்பதைக் கலந்துவிடுங்கள். கலப்பது முக்கியம். எதிர்மறை மட்டும் வரிசையாக வந்தால் மனம் அந்த நிலையிலேயே இருக்கும், தேர்வில் நடப்பது அதுவல்ல. பத்து உடன்பாட்டுக் கேள்விகளில் பழகிப்போன வேகத்தில் பதினொன்றாவதாக ஒன்று திரும்பி நிற்கும்போதுதான் விழுகிறோம். ஒவ்வொன்றுக்கும் முதலில் கடைசி வரி, ஓரத்தில் எழுத்து, பிறகு ‘ச’, ‘த’ குறி, கடைசியில் விடை. முதல் இரண்டு நாள் மெதுவாகத்தான் போகும். தவறு விழுந்தால் மூன்று இடங்களில் எந்த இடம் என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். முதல் இடமே திரும்பத் திரும்ப வந்தால் ஓரத்து எழுத்தை எழுதாமல் விடுகிறீர்கள் என்று பொருள். மூன்றாம் இடம் வந்தால் மறுப்பைக் கழற்றும் பயிற்சியைத் தனியாகச் செய்யுங்கள்.

தேர்வில் கடைசி ஐந்து நிமிடம் மிஞ்சினால் எல்லாவற்றையும் மறுபடி படிக்கப் போக வேண்டாம். ஓரத்தில் ‘த’ போட்டவற்றுக்கு மட்டும் திரும்புங்கள். கேள்வியின் கடைசி வரியையும், நீங்கள் போட்ட நான்கு குறிகளையும், குறித்த விடையையும் பாருங்கள். கூட்டுக் கூற்றாக இருந்தால் நான்கு குறிகளுக்குப் பதில் ‘தவறு: 1’ என்று எழுதிவைத்ததைப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் தொடாதீர்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் விடையை மாற்றுங்கள்.